இறுக்கப் பொருத்தம்: ‘இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்’டுக்கு ஏற்ற தமிழ்

துளையையும் தண்டையும் சேர்த்தால் எவ்வளவு தளர்வாக, எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதைத்தான் ஃபிட் என்கிறோம். தமிழில் பொருத்தம். பொருந்து, பொருத்து, பொருத்தம் எல்லாம் ஒரே வேர். கல்யாணத்துக்குப் பார்க்கும் பொருத்தம் போல இதுவும் இரண்டு பேரைப் பற்றியது. தனியே ஒரு தண்டுக்குப் பொருத்தம் இல்லை, அளவு மட்டும்தான் உண்டு.

சிக்கல் ‘இன்டர்ஃபியரன்ஸ்’ என்ற சொல்லில் இருக்கிறது. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, ஒன்றையொன்று அடித்துக்கொள்வது என்பது அதன் மூலப் பொருள். குதிரை நடக்கையில் ஒரு கால் மற்றக் காலில் இடிபடுவதையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். தமிழில் சிலர் குறுக்கீட்டுப் பொருத்தம் என்று எழுதுகிறார்கள். நம் பௌதிகப் பாடத்தில் அலைகளுக்குச் சொல்லும் ‘தலையீடு’ என்ற சொல்லையும் இங்கே கொண்டுவருகிறார்கள். இரண்டையும் கேட்கும் பிள்ளைக்கு ஏதோ பிழை நடந்துவிட்டது போலத்தான் தோன்றும். நடப்பது வேறு. தண்டைத் துளையை விடச் சற்றுப் பெரிதாக வேண்டுமென்றே செய்து, அழுத்தியோ, துளையுள்ள பாகத்தைச் சூடாக்கியோ உள்ளே ஏற்றுகிறோம். ஜெர்மன்காரர் இதை ‘மிகையளவுப் பொருத்தம்’ என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். அதனால் பொருத்தத்தை இறுக்கப் பொருத்தம் என்றும், தண்டு எவ்வளவு பெரிது என்ற அளவை மிகை என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து. எதிர்ப்பக்கத்தில் ‘கிளியரன்ஸ்’ இருக்கிறது. அதற்கு இடைவெளி, இடைவெளிப் பொருத்தம் என்பவை ஏற்கெனவே நன்றாகப் புழங்குகின்றன, மாற்றத் தேவையில்லை.

மிகை என்ற சொல்லின் அருமை எனக்குத் தெரிந்தது திருகோணமலை உட்துறைமுகப் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில். மீன்பிடிப் படகொன்றின் கடல்நீர்ப் பம்பிக்குப் புது வெண்கலப் புஷ் போட வேண்டியிருந்தது. புஷ்ஷின் வெளி விட்டம் 32 மி.மீ., அது பம்பியின் கூட்டுக்குள் அசையாமல் இறுக நிற்க வேண்டும். உள் விட்டம் 25 மி.மீ., அதற்குள் தண்டு சுழல வேண்டும். ஒரே புஷ்ஷில் வெளியே இறுக்கம், உள்ளே இடைவெளி.

வெளியே H7/p6 என்ற பொருத்தக் குறியை எடுத்தேன். பெரிய எழுத்து துளைக்கு, சின்ன எழுத்து தண்டுக்கு. துளைக்குள் போவதால் இங்கே புஷ்தான் தண்டின் இடத்தில் நிற்கிறது. உள்ளே சுழலும் தண்டுக்கு H7/f7. 25 மி.மீ. அளவில் H7 துளை 25.000 முதல் 25.021 வரை, f7 தண்டு 24.959 முதல் 24.980 வரை. ஆகக் குறைந்த இடைவெளி 0.020, ஆகக் கூடியது 0.062. எண்ணெய்ப் படலத்துக்கு இடம் உண்டு.

அளந்தபோது எல்லாம் சரி. கூட்டின் துளை 32.01, புஷ்ஷின் வெளி விட்டம் 32.04, மிகை 0.03. புஷ்ஷின் உள் விட்டம் 25.01, தண்டு 24.97. அழுத்தி ஏற்றினோம். தண்டு உள்ளே போனது, கையால் சுற்றினால் சற்றுப் பிடிப்போடு சுழன்றது. ஓட விட்டுக் கொஞ்ச நேரத்தில் சூடேறி இறுகிவிட்டது.

பட்டறைப் பாஸ் புதுப் புஷ் ஒன்றைக் கடைந்து ஏற்றிவிட்டு, உள்ளே மறுபடி அளக்கச் சொன்னார். 24.98. “மிகை எங்கே போச்சுதெண்டு நினைக்கிறியள் தம்பி? உள்ளுக்குத்தான் வந்திருக்கு” என்றார். கூட்டின் சுவர் தடிப்பு, விரியவில்லை. புஷ்ஷின் சுவர் 3.5 மி.மீ. மட்டுமே. வெளியிலிருந்து நெருக்கிய மிகை ஏறக்குறைய முழுவதும் உட்துளையைச் சுருக்கிவிட்டது. 0.04 ஆக இருந்த இடைவெளி 0.01 ஆகிப்போனது.

பிழை என் வரைபடத்தில்தான். புஷ்ஷின் உள் விட்டத்தை அதன் தனி வரைபடத்திலேயே H7 என்று முடித்திருந்தேன். திருத்தியபோது அங்கே Ø24.8 என்று மட்டும் போட்டு, சேர்ப்பு வரைபடத்தில் ‘ஏற்றிய பின் ரீமர் போட்டு Ø25 H7’ என்று எழுதினேன்.

அப்புறம் இன்னொன்று. தனி உறுப்பின் வரைபடத்தில் அந்த உறுப்பின் குறி மட்டும்தான் வர வேண்டும். தண்டுக்கு இப்படி:

```
Ø25 f7 (-0.020 / -0.041)
```

இரண்டு அளவையும் மேலும் கீழுமாகப் போடுவதென்றால் மேல் எல்லை மேலே, கீழ் எல்லை கீழே. பட்டறையில் அட்டவணை கையில் இருக்காது, அதனால் எழுத்தோடு எண்ணையும் போட்டுவிடுவது நல்லது. தண்டின் வரைபடத்தில் H7/f7 என்று எழுதினால் கடைபவர் எதைக் கடைவது? அந்தச் சோடிக் குறி சேர்ப்பு வரைபடத்துக்கு உரியது. ‘பிரஸ் ஃபிட்’ என்று சொல்லாக மட்டும் எழுதி விடுவதும் போதாது. எவ்வளவு மிகை என்று அதில் எங்கும் இல்லை.