நீங்கள் வட்டம் போட்ட விரிசல் அல்ல, சார்

வணக்கம் சார்,

படங்கள் கிடைத்தன. மழை நின்றதுமே எனக்கு இப்படிப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். எல்லோரும் ஒரே விரிசலுக்குத்தான் வட்டம் போடுகிறார்கள்: ஹாலில் பீமுக்கு அடியில் படுக்கைவசமாக, சுவர் முழுக்க நூல் பிடித்த மாதிரி ஓடும் கோடு. நீங்களும் அதற்குத்தான் சிவப்பு வட்டம் போட்டு, "வீடு தாங்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாங்கும். உங்களுடையது பில்லர் கட்டடம். பாரத்தைப் பீமும் பில்லரும் சுமக்கின்றன, அந்தச் செங்கல் சுவர் இடத்தை அடைத்து நிற்கிறது, அவ்வளவுதான். கான்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. இரண்டும் சேரும் இடத்தில் கம்பி வலை அடித்துப் பூசியிருந்தால் கோடு விழுந்திருக்காது. ஐந்நூறு ரூபாய் வலையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். நீளமாக இருப்பதால் அது ஆபத்து ஆகிவிடாது. விரிசலின் நீளத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். எதில் விழுந்திருக்கிறது, எந்தத் திசையில் போகிறது, வளர்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் கோட்டை மட்டும் கவனியுங்கள். அதன் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோடைக்குள் குறியைத் தாண்டினால் அஸ்திவாரத்தைப் பார்ப்போம்.

இப்போது நான்காவது படம். காரைப் படம் எடுத்திருக்கிறீர்கள், பின்னால் நிற்கும் பில்லரும் படத்தில் வந்திருக்கிறது. அதன் மூலையை ஒட்டி, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை செங்குத்தாக ஒரு மெல்லிய கோடு, பக்கத்தில் பழுப்புக் கறை. நான் கவலைப்படுவது இதற்குத்தான். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. கார் கழுவும் குழாய் அந்தப் பில்லரை ஒட்டித்தானே இருக்கிறது?

சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் மேல் கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது. கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தயவுசெய்து கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடாதீர்கள். கோடு மறையும், துரு மறையாது. பீமுக்கு முட்டுக் கொடுத்து, நல்ல கான்கிரீட் வரும்வரை செதுக்கி, கம்பியின் பின்பக்கம் வரை துருவைச் சுரண்டி, தேய்ந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, அதன் பிறகுதான் மைக்ரோ கான்கிரீட் நிரப்ப வேண்டும். முட்டு இல்லாமல் பில்லரில் உளி வைக்க யாரையும் விடாதீர்கள்.

சனிக்கிழமை காலையில் வருகிறேன். அதுவரை அந்தக் குழாயைத் திறக்க வேண்டாம். மொட்டை மாடித் தொட்டி அந்தப் பில்லருக்கு நேர் மேலே இருந்தால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். 2,000 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 2 டன். காரையும் வேறு பக்கம் நிறுத்துங்கள், முட்டு வைக்க இடம் வேண்டும்.