அரிசி குறைந்தால் எப்போது தேடுவது?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிறிய அரிசி ஆலைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். புழுங்கல் அரிசிதான் அங்கே அடிப்பார்கள். 1000 கிலோ நெல்லுக்கு 660 கிலோ அரிசி கிடைக்க வேண்டும் என்று நியமம் வைத்திருந்தார்கள். கிழமைக்குக் கிழமை அதற்கும் உண்மையில் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடுதான் முரண். குறைந்தால் கழித்தல் போட்டு எழுதுவோம். (கணக்கு இலகுவாக இருக்க எண்களை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.)

12 கிழமை முரண்கள் இப்படி:

−4, +3, −7, −2, −9, 0, −5, +2, −6, −8, +1, −1

முகாமையாளருக்கு ஒரு விதி இருந்தது. நியமத்தில் 1 வீதத்துக்கு மேல், அதாவது 6.6 கிலோவுக்கு மேல் குறைந்தால் மெசின் ஓட்டுபவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். அப்படி 12 கிழமையில் மூன்று தரம் நடந்தது. ஒவ்வொரு தரமும் மில்லை நிறுத்தி, றப்பர் றோலரைக் கழற்றி, உமிக்குள் அரிசி போகிறதா என்று பார்ப்பதில் அரை நாள் போய்விடும். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் −9 வந்து பேச்சு வாங்கிய அடுத்த கிழமை 0 வந்தது, −7 க்குப் பிறகு −2, −8 க்குப் பிறகு +1. "பாத்தீங்களா தம்பி, பேசினாத்தான் மில் ஓடும்" என்றார். மிக மோசமான கிழமைக்கு அடுத்த கிழமை பெரும்பாலும் கொஞ்சம் நல்லதாகத்தான் இருக்கும், பேசினாலும் பேசாவிட்டாலும்.

அந்த 1 வீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவருக்கும் தெரியாது. மில் வழக்கமாக எவ்வளவு ஆடும் என்பதை மில்லிடமே கேட்க வேண்டும். 1924 இல் வோல்ற்றர் ஷூஹார்ட் தொழிற்சாலைத் தரத்துக்காக வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம் இதைத்தான் செய்கிறது.

முதலில் முரண்களின் சராசரி. கூட்டினால் −36, 12 ஆல் வகுக்க −3. அடுத்து, பக்கத்துப் பக்கத்துக் கிழமைகளின் வித்தியாசம்: −4 இலிருந்து +3 க்கு 7, அங்கிருந்து −7 க்கு 10, இப்படியே 11 வித்தியாசங்கள். கூட்டுத்தொகை 71, சராசரி 6.45. இதை 2.66 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 17 வரும். (2.66 என்பது 3 ஐ 1.128 ஆல் வகுத்தது. மூன்று நியம விலகலுக்குரிய பெருக்கி.) ஆகவே மில்லின் வழக்கமான ஆட்டத்துக்கு எல்லைகள் −3 இலிருந்து இருபக்கமும் 17: கீழே −20, மேலே +14. மூன்று தரம் விளக்கம் கேட்ட −7, −8, −9 எல்லாமே இந்த எல்லைக்குள் சாதாரணமாக இருக்கின்றன. சராசரி 0 இல் இல்லாமல் −3 இல் நிற்பது வேறு கதை. 660 என்ற நியமமே கொஞ்சம் கூடப்போல. அதைத் திருத்த வேண்டும், ஆளைப் பேசக்கூடாது.

13 ஆவது கிழமை −26 வந்தது. இப்போதுதான் தேட வேண்டும், தேடினோம். அதுவரை அடித்தது குடோனில் கிடந்த சிறுபோக நெல். அந்தக் கிழமை காலபோக அறுவடை தொடங்கி, வெட்டு மெசினில் அறுத்த நெல் காயாமல் வயலிலிருந்தே வந்தது. ஈரப்பதமானி 17 காட்டியது. நாங்கள் 14 என்று நினைத்துத்தான் நிறுத்து வாங்கினோம். 17 வீத ஈரத்தில் 1000 கிலோ நெல், 14 க்குக் காய்ந்தால் 965 கிலோதான். 35 கிலோ தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறோம். அரிசிக் கணக்கில் அது 23 கிலோ. வழக்கமான −3 உடன் சேர்த்தால் −26. மெசின்காரருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பிழை தராசடியில்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அவசரத்தில் அந்த 13 ஆவது கிழமையையும் சேர்த்து எல்லையைப் போட்டுப் பாருங்கள். சராசரி −4.8 ஆகும், வித்தியாசங்களின் சராசரி 8 ஆகும், கீழ் எல்லை −26.05 க்குப் போய்விடும். −26 மயிரிழையில் உள்ளே வந்து, "எல்லாம் சரி" என்று வரைபடம் சொல்லும்! காரணம் தெரிந்த கிழமையை ஒதுக்கிவிட்டுத்தான் எல்லை கணக்கிட வேண்டும்.

எல்லையைத் தாண்டாமலும் கோளாறு வரும். றோலர் மெல்ல மெல்லத் தேய்ந்தால் ஒரு கிழமையும் −20 க்குப் போகாது, ஆனால் தொடர்ந்து −6, −10, −5, −12 என்று −3 க்குக் கீழேயே நிற்கும். எட்டுக் கிழமை ஒரே பக்கம் நின்றால் நான் றோலரைப் பார்க்கச் சொல்வேன். மேலே +14 ஐத் தாண்டினாலும் சந்தோசப்பட்டுவிட முடியாது. பெரும்பாலும் தராசோ, சாக்கு எண்ணிக்கையோ பிழையாக இருக்கும்.

இப்போது அந்த மில்லில் ஈரப்பதமானி தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலபோக நெல்லுக்குத் தனித் தாள் ஒன்று தொடங்கியிருக்கிறோம். இரண்டு போகத்து எண்களையும் கலந்தால் எல்லை தேவையில்லாமல் அகலும்.