ஒன்பது கட்டங்களில் பெயர் எங்கே போகிறது?

மாம்பழ சீசன் ஓய்ந்து, கூழ் இயந்திரங்களைக் கழுவி மூடிய பிறகுதான் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆட்களைப் பற்றி உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். அப்படி ஓர் ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் நானும் இருந்தேன். சுவரில் ஒன்பது கட்டம் வரைந்த தாள். மேசையில் 14 ஷிப்ட் மேற்பார்வையாளர்களின் பெயர்ச் சீட்டுகள். எந்தச் சீட்டு எந்தக் கட்டத்துக்குப் போகிறதோ, அதை வைத்துத்தான் அடுத்த ஆண்டுப் பயிற்சியும் பொறுப்பும் முடிவாகும்.

இடமிருந்து வலமாக இருப்பது செயல்பாடு: குறைவு, நிறைவு, சிறப்பு. கீழிருந்து மேலாக இருப்பது வளர்திறன், அதாவது இன்னும் பெரிய பொறுப்பைத் தாங்கும் தகுதி; அதற்கும் மூன்று படிகள். எந்தத் தொழிலில் பணம் போடலாம் என்று முடிவு செய்வதற்காக 1970களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு மெக்கின்சி ஆலோசகர்கள் வரைந்து கொடுத்த கட்டங்களே பின்னாளில் மனிதர்களுக்கும் வந்து சேர்ந்தன.

இந்த இரண்டு அளவுகளும் ஒரே சாதி அல்ல. செயல்பாடு நடந்து முடிந்தது. அதற்குப் பதிவேடு உண்டு. வளர்திறன் இனி நடக்கப்போவதைப் பற்றிய ஊகம். ஊகத்துக்கு ஆதாரம் கேட்காவிட்டால் அந்த இடத்தை மனச்சாய்வு நிரப்பிவிடும்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். பீப்பாயில் கூழ் நிரப்பும் பிரிவின் மேற்பார்வையாளர் ஒரு பெண். ஆய்வகம் திருப்பி அனுப்பிய பீப்பாய்கள் அவர் ஷிப்டில்தான் மிகக் குறைவு. ஆனாலும் அவர் சீட்டு வலது ஓரத்தில் அடிக் கட்டத்துக்குப் போனது. "வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அமைதியானவர், இரவு ஷிப்டுக்கு வரமாட்டார்" என்றார் மேலாளர். கூழ் பிழியும் பிரிவைப் பார்ப்பவருக்கு நடுத்தரச் செயல்பாடு. அவர் சீட்டோ "துடிப்பானவர்" என்ற ஒரே சொல்லில் மேல் வரிசையில் ஏறியது.

கூட்டத்தை நடத்தியவர் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டார். போன சீசனில் இவர் புதிதாக எதைக் கற்று வேலையில் காட்டினார்? தன் பிரிவுக்கு வெளியே எந்தச் சிக்கலைத் தீர்த்தார்? நாளும் சம்பவமும் சொல்ல வேண்டும். குணத்தைச் சொல்லக் கூடாது.

அப்போதுதான் ஜூன் மாத நிகழ்ச்சி ஒன்று வெளியே வந்தது. 14 பிரிக்ஸ் இருக்க வேண்டிய பெங்களூரா கூழின் இனிப்பளவு சில பீப்பாய்களில் 12க்கு இறங்கியிருக்கிறது. அந்தப் பெண் பீப்பாய் எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய், பழுக்கவைக்கும் அறைகளில் ஒன்றில் பழம் சீராகப் பழுக்காததைக் கண்டுபிடித்து, அந்த அறைப் பழத்தைத் தனியாகப் பிரிக்கச் செய்திருக்கிறார். சீட்டு மேலே நகர்ந்தது. இரவு ஷிப்ட் பற்றி அவரிடம் யாருமே கேட்டதில்லை. கேட்டபோது, வீடு வரை வேன் வந்தால் வரத் தயார் என்றார்.

பிழியும் பிரிவுக்காரரின் மேல் வரிசைக்குச் சம்பவம் எதுவும் கிடைக்கவில்லை. நடு வரிசைக்கு இறங்கினார். ஆனால் அவரிடம் இருந்தது அடிக்கடி நின்றுபோகும் பழைய இயந்திரம். நின்ற மணிகளைக் கழித்துப் பார்த்தால் அவர் செயல்பாடு சிறப்பானதுதான். ஆகவே சீட்டு வலப்புறமும் நகர்ந்தது.

இது ஒரு தொழிற்சாலையோடு நிற்பதில்லை. ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூ ஆகிய பொருளியலாளர்கள் வட அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றில் ஏறக்குறைய 30,000 பேரின் ஒன்பது கட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்தார்கள். செயல்பாட்டில் சராசரியாகப் பெண்களுக்கே கூடுதல் மதிப்பெண், வளர்திறனில் குறைவு. பதவி உயர்வில் அவர்கள் பின்தங்கியதற்கு இது பெரிய காரணம். அதே வளர்திறன் மதிப்பெண் வாங்கிய ஆண்களைவிட அந்தப் பெண்கள் பின்னர் நன்றாகவே செயல்பட்டார்கள்.

இந்தக் கோளாறு இருக்கிறதா என்று அறிய, சீட்டுகளை வைத்து முடித்ததும் வலது அடிக் கட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெண்களோ, ஒரே மேலாளரின் ஆட்களோ அங்கே குவிந்திருந்தால் ஒவ்வொரு சீட்டுக்கும் ஆதாரத்தை மறுபடி கேட்க வேண்டும். 14 பேரில் சதவீதக் கணக்குக்குப் பொருள் கிடையாது. மேலாளர்கள் கூட்டத்துக்கு முன்பே தனித்தனியாக எழுதிக்கொண்டு வருவதும் அவசியம்; இல்லையென்றால் முதலில் பேசுபவரின் கருத்தே எல்லாருடைய கருத்தாகிவிடும்.

அந்தப் பெண்ணுக்கு வகுத்த திட்டம் வகுப்பறைப் பயிற்சி அல்ல. அடுத்த சீசனில் ஆறு வாரம் பழுக்கவைப்பது முதல் நிரப்புவது வரை முழு வரிசையும் அவர் பொறுப்பு. வாரம் ஒருமுறை ஆலை மேலாளரோடு அரை மணி நேரம். எது நடந்தால் தேறினார் என்று கொள்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்தோம். கீழ்க் கட்டங்களில் இருந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வேலையைக் குறித்தோம். கட்டத்தின் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்து என்ன பொறுப்பு, ஏன் என்பதை மட்டும் சொன்னோம்.

மறு ஆகஸ்டில் பழைய தாளை உறைக்குள் வைத்துவிட்டு வெற்றுக் கட்டங்களில் இருந்து தொடங்கினோம். முடித்த பிறகுதான் உறையைப் பிரித்து, எங்கள் ஊகங்களில் எவை பொய்த்தன என்று எண்ணினோம்.