அண்ணனின் கால் ஏன் நிலத்தில் முட்டவில்லை?

சுன்னாகத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். மார்கழிக் கடைசியில் குடும்பமாகக் காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போய், கடல் பின்னால் தெரிய நின்று படம் எடுத்திருக்கிறார்கள். ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணனுக்கு வர முடியவில்லை. அவர் அனுப்பிய முழு உயரப் படத்தை வெட்டி, ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்துப் பின்வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்த அம்மா, "பிள்ளைக்குக் கால் நிலத்திலை முட்டேல்லையே" என்று அழுதாராம். கால் நிலத்தில் படாதது பேய்க்குத்தான் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இது கூடாத சகுனமா என்பதுதான் தங்கையின் கேள்வி.

சகுனம் ஒன்றுமில்லை, தங்கச்சி. ஆனால் அம்மாவின் கண் பிழையைச் சரியாகப் பிடித்திருக்கிறது. படத்தை வாங்கி அளந்து பார்த்தேன்.

சம நிலத்தில் நின்று, கமராவைச் சரிக்காமல் படம் எடுத்தால், கமராவின் உயரத்தில் இருப்பதெல்லாம் அடிவானக் கோட்டிலேயே விழும். இந்தப் படத்தில் கடலும் வானமும் சேரும் கோடுதான் அது. அம்மாவின் உயரம் 1.5 மீற்றர். அவரது உச்சந்தலை கடற்கோட்டைச் சரியாகத் தொடுகிறது. ஆகவே கமராவும் 1.5 மீற்றர் உயரத்தில்தான் இருந்திருக்கிறது. அம்மா பத்தடி பின்னால் போயிருந்தாலும் உருவம் சிறுத்திருக்குமே தவிர, உச்சந்தலை கோட்டை விட்டு விலகியிராது. 1.75 மீற்றர் உயரமான அத்தானுக்கு அதே கோடு நாடிக்குச் சற்றுக் கீழே போகிறது. அவர் எங்கே நின்றாலும் அங்கேதான் போகும். எனக்கு இது எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத அழகு. சாதாரண தரத்தில் சமகோண முக்கோணிகளைத் தேற்றமாக மட்டும் பாடமாக்க விடுகிறோம். ஒரு நாள் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் இந்தக் கோட்டைக் காட்டினால் போதும், பிறகு மறக்கவே மாட்டார்கள்.

இனி அண்ணனுக்கு வருவோம். பாதத்திலிருந்து கடற்கோடு வரை உள்ள பிக்செல்கள் எப்போதும் 1.5 மீற்றரைக் குறிக்கும். முன்வரிசையில் நிற்கும் அத்தானுக்கு அது 1200 பிக்செல். அவரது முழு உருவம் 1400. அண்ணனும் அதே உயரம் என்பதால் ஸ்ரூடியோக்காரர் அவரையும் 1400 ஆக்கியிருக்கிறார். ஆனால் அண்ணனை நிறுத்தியது பின்வரிசையில். அங்கே பாதத்துக்கும் கோட்டுக்கும் இடையில் 1000 பிக்செல்தான். அந்த இடத்தில் 1400 என்றால் 2.1 மீற்றர் ஆள்! தன் பிள்ளை அவ்வளவு உயரமில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆகவே அவர் கண் அண்ணனை முன்வரிசைத் தூரத்தில் வைத்துப் பார்க்கிறது. அப்போது கால் நிலத்துக்கு 25 சென்ரிமீற்றர் மேலே தொங்குகிறது. உருவத்தை 1167 பிக்செலாகச் சிறுப்பித்தால் கால் நிலத்தில் இறங்கிவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரொறொன்ரோப் படத்திலும் அடிவானம் அண்ணனின் நாடியருகே போக வேண்டும். கடல் இல்லாவிட்டால், நடைபாதையின் இரு ஓரங்களையும் நீட்டிச் சந்திக்க வைத்தால் அடிவானத்தின் உயரம் கிடைக்கும். ஒரு சிறுபிள்ளை எடுத்த படமென்றால் அது இடுப்பருகே போகும். அப்படிப்பட்ட படத்தை எவ்வளவு பெருப்பித்தாலும் சிறுப்பித்தாலும் பொருந்தாது. வேறு படம்தான் வேண்டும்.

நிழலிலும் பிழை இருக்கிறது. அண்ணனின் நிழலையும் அவரோடு சேர்த்தே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மார்கழிக் கடைசியில் ரொறொன்ரோவில் நண்பகற் சூரியன் 23 பாகைதான் ஏறும். நிழல் ஆளைப்போல 2.4 மடங்கு நீளும். யாழ்ப்பாணத்தில் அதே நாளில் 57 பாகை. நிழல் ஆளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. ஆகவே அண்ணனுக்குப் புதிதாக நிழல் வரைய வேண்டும். முன்வரிசை கமராவிலிருந்து 5 மீற்றர் என்றால், பின்வரிசை 6 மீற்றர். சூரியன் கமராவுக்குப் பின்னால் இருப்பதால் நிழல் கடலை நோக்கி விழுகிறது. அதன் முனை ஏறத்தாழ 7.14 மீற்றரில் இருக்கும். கோட்டுக்குக் கீழே உள்ள பிக்செல் எண்ணிக்கை கமராவிலிருந்து உள்ள தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், அந்த முனை கோட்டுக்கு 840 பிக்செல் கீழே விழும். 1167 பிக்செல் ஆளுக்கு நிழல் வெறும் 160 பிக்செல் உயரம்தான். திசையை மற்றவர்களின் நிழல்களிலிருந்து எடுக்கலாம்: அவற்றை நீட்டினால் எல்லாம் கடற்கோட்டில் ஒரே புள்ளியில் சேரும், அண்ணனின் நிழலும் அதே புள்ளியை நோக்க வேண்டும். சூரியன் புள்ளியல்ல, அரைப்பாகை அகலத் தட்டு. அதனால் தலையின் நிழல் விளிம்பு இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்கு மங்கும். பாதத்தருகே கூர்மையாக இருக்கும். சப்பாத்துக்கு அடியில் வான ஒளியும் நுழையாத கரிய கோடு ஒன்று உண்டு. அதை விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் ஆள் மிதப்பார்.

முகத்தில் விழுந்த ஒளியை மட்டும் இப்படிக் கணக்குப் போட்டுத் திருத்த முடியாது. தாழ்ந்த சூரியனில் எடுத்த முகத்தில் புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்திருக்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஏப்ரல் 17, 18 அளவில் ரொறொன்ரோவின் நண்பகற் சூரியனும் 57 பாகை ஏறும். அங்கே கோடைநேரம் நடப்பதால் அது மணிக்கூட்டில் பிற்பகல் 1.17 அளவில் வரும். அன்று வெயில் இருந்தால், எடுப்பவர் சூரியனுக்கு முதுகு காட்டி, 6 மீற்றர் தள்ளி நின்று, கமராவை 1.5 மீற்றர் உயரத்தில் பிடிக்கட்டும். அந்தப் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.