தொடும் முன் என்ன சொல்ல வேண்டும்? அவசர சிகிச்சைப் பிரிவுக்கான கொள்கையில் ஒரு பகுதி

மன அதிர்ச்சிக்கு ஆளானவர்களைக் கருத்தில் கொண்டு எழுதப்படும் கொள்கைகள் பெரும்பாலும் "நோயாளியைக் கண்ணியத்துடன் நடத்த வேண்டும்" என்று தொடங்குகின்றன. இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு இந்த வரி எந்த வேலையையும் சொல்வதில்லை. அது நடந்ததா இல்லையா என்று பின்னால் சரிபார்க்கவும் வழியில்லை. யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால்தான் அது கொள்கை. முதலில் எழுத வேண்டியது, ஆடை விலக்கலும் உடல் பரிசோதனையும் பற்றிய பகுதி.

அடிவயிற்று வலியோடும் ரத்தப்போக்கோடும் ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம் சீராக இருக்கிறது, எனவே பேச நேரம் இருக்கிறது. உடன் வந்தவரே தீங்கு செய்பவராக இருக்கலாம் என்பதால், அவரை வெளியே அமர்த்திவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும். பிறப்புறுப்புப் பரிசோதனை ஏன் தேவை, அதில் என்ன தெரியவரும், அதைத் தள்ளிவைத்தால் என்ன ஆகலாம் என்பதை ஆடையோடு இருக்கும்போதே சொல்ல வேண்டும். துணைக்கு யார் இருக்கலாம் என்பது அந்தப் பெண்ணின் முடிவு. இடுப்புக்குக் கீழே மட்டும் விலக்கி, மேலே போர்வை போர்த்த வேண்டும். பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியைத் தானே உள்ளே வைத்துக்கொள்ள விரும்பினால் அனுமதிக்கலாம்.

"கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கை தூக்கினால் கருவியை வெளியே எடுத்துவிட்டுத்தான் பேச்சு. "இதோ முடிந்துவிட்டது, கொஞ்சம் பொறுங்கள்" என்று தொடர்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்படித் தொடர்ந்தால் கொடுத்த வாக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

கை தூக்க முடியாதவர்களும் உண்டு. பயத்தில் உடல் உறைந்துபோகும்போது வாய் திறக்காது. மூச்சை அடக்கிக்கொண்டு, பார்வை ஒரே இடத்தில் நிலைத்து, கேட்டதற்குப் பதில் வராமல் இருந்தால் அதை ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பரிசோதனையை நிறுத்தி, போர்த்திவிட்டு, அவர் எங்கே இருக்கிறார், எதிரில் இருப்பவர் யார் என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். உடல்நிலை காரணமாகவும் இப்படி ஆகலாம். அதனால் நாடித்துடிப்பையும் ரத்தச் சர்க்கரையையும் பார்க்க மறக்கக் கூடாது.

கடந்த காலத்தில் என்ன நடந்தது என்று துருவ வேண்டியதில்லை. "உங்களுக்குக் கஷ்டமாக இருக்கக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்பதே போதும். யாருக்கு அந்த அனுபவம் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. ஆகவே இந்த முறை எல்லோருக்கும் பொது.

உயிருக்கு ஆபத்தான நிலையில் அனுமதிக்காகக் காத்திருக்க முடியாது, ஆடையை வெட்டத்தான் வேண்டும். அப்போதும் குழுவில் ஒருவர் தலைமாட்டில் நின்று, நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அது யார் என்பதைப் பணிநேரம் தொடங்கும்போதே தீர்மானித்துவிடுவது நல்லது.

பரிசோதனையை மறுத்தால் "ஒத்துழைக்கவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதக் கூடாது. அடுத்து வரும் மருத்துவர் அந்தச் சொல்லின் வழியாகத்தான் அவரைப் பார்ப்பார். "விளக்கப்பட்டது, இப்போது வேண்டாம் என்றார், வயிற்று ஸ்கேன் எடுக்கச் சம்மதித்தார், மறுபடி கேட்கப்படும்" என்று எழுதினால் அடுத்து என்ன செய்வது என்பதும் தெரியும்.