எல்லோரும் ஏன் வண்டல் மேல் குடியிருக்கிறோம்?

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பூமியில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, பிறகு எதற்கு மனிதர்கள் ஒரே இடத்தில் போய் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறார்கள்?"

நியாயமான கேள்விதான். மங்கோலியாவின் பரப்பு சுமார் 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கே இருப்பவர்கள் ஏறத்தாழ 35 லட்சம் பேர். வங்கதேசம் அதில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் அங்கே 17 கோடி பேர் இருக்கிறார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு மங்கோலியாவில் இரண்டு பேர், வங்கதேசத்தில் ஆயிரத்து நூறுக்கும் மேல்.

பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த பதில் நமக்குத் தெரியும்: தண்ணீர் இருக்கும் இடத்தில் மனிதன் இருப்பான். தப்பில்லை, ஆனால் பாதிதான். தண்ணீர் மட்டுமே காரணம் என்றால் உலகிலேயே அதிக நீரைக் கொண்டுபோகும் அமேசான் ஆற்றின் கரைதான் உலகிலேயே நெரிசலான இடமாக இருந்திருக்க வேண்டும். அங்கே விமானத்தில் மணிக்கணக்காகப் பறந்தாலும் கீழே காடுதான் தெரிகிறது.

மீதிப் பாதி அந்த ஆற்றிலேயே இருக்கிறது. பிரேசிலின் மனவுஸ் நகரத்துக்கு அருகே இரண்டு ஆறுகள் கூடுகின்றன. ஒன்று அமேசானின் மேல்பகுதி. பால் அதிகம் விட்ட தேநீர் போன்ற பழுப்பு நிறம். இன்னொன்று ரியோ நீக்ரோ. பால் விடாத கட்டன் தேநீர். இரண்டின் வேகமும் வெப்பநிலையும் அடர்த்தியும் வேறு வேறு என்பதால், சுமார் ஆறு கிலோமீட்டர் தூரம் கலக்காமலே பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. படகில் இருந்து பார்த்தால் நடுவில் ஒரு கோடு போட்டதுபோல் இருக்கும்.

பழுப்பு ஆறு ஆண்டிஸ் மலையிலிருந்து வருகிறது. இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலை அது. அந்தப் பழுப்பு முழுக்க அதன் பாறைத்தூள். கறுப்பு ஆற்றின் நீர் பெரும்பாலும் வருவது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய பாறைகள் கிடக்கும் தாழ்நிலத்திலிருந்து. அங்கே அரிப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. ஊறிய இலைகளின் சாயம் மட்டுமே அந்த நீரில் இருக்கிறது. அதே வெயில், அதே மழை, ஆனால் பழுப்பு ஆற்றின் கரை விளைகிறது, கறுப்பு ஆற்றின் கரை விளைவதில்லை. அதைப் 'பசி ஆறு' என்றே சொல்வதுண்டு. 1542இல் அமேசான் முழுவதையும் படகில் கடந்த ஸ்பானியர் ஒரெயானாவின் குழுவினர் கரையோரத்தில் பெரிய பெரிய குடியிருப்புகளைப் பார்த்ததாக எழுதினார்கள். நெடுங்காலம் அதைப் புளுகு என்று நினைத்தார்கள். பிறகு தொல்லியலாளர்கள் தோண்டியபோது அதில் உண்மை இருந்தது தெரிந்தது. ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்களில் அந்த மக்கள் அழிந்துபோனார்கள். இன்று அந்தக் கரை காலியாக இருப்பதற்கு மண் மட்டும் காரணமல்ல, வரலாறும் காரணம்.

ஆக, தேடவேண்டியது தண்ணீரை அல்ல, வண்டலை. இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செடிக்கு வேண்டிய பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் பாறைக்குள்தான் இருக்கின்றன. ஆனால் பூட்டி வைத்திருக்கிறது. நீரும் அமிலமும் பாறையின் மேற்பரப்பை மட்டுமே தொட முடியும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சிறு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முகம், மொத்தம் ஆறு சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு. அதே கல்லை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களாக அரைத்தால், மேற்பரப்பு ஆயிரம் மடங்காகி ஆறாயிரம் சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒரு சிறிய மேசையின் பலகை அளவு. எடை அதேதான், ஆனால் வேர் உறிஞ்சக்கூடிய இடம் ஆயிரம் மடங்கு.

இந்த அரைவையை இமயமலையில் பனியாறுகள் செய்கின்றன. அடியில் சிக்கிய கற்களோடு பனிக்கட்டி மெல்ல நகரும்போது அது பெரிய ஆட்டுக்கல்தான். அதற்குமேல் நிலச்சரிவுகள், பருவமழை. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன.

அது சமவெளியில் எப்படிப் படிகிறது என்பது அதைவிட அழகு. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தோட்டத்து மண்ணும் நீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் சில நொடிகளில் அடியில் உட்காரும். நுண்வண்டல் இறங்கச் சில மணி நேரம் ஆகும். களிமண் மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். ஆற்றில் வெள்ளம் வரும்போதும் இதுதான் நடக்கிறது, மேலிருந்து கீழாக அல்ல, பக்கவாட்டில். கரை தாண்டி வழிந்த கணமே நீரின் ஆழம் குறைகிறது, வேகம் விழுகிறது. மணல் அங்கேயே, கரையிலேயே விழுந்துவிடும். இப்படி வருடா வருடம் விழுந்து கரை ஒரு மேடாக உயரும். மெல்லிய களிமண் மட்டும் தூரம் போய்ப் பின்னால் உள்ள தாழ்வான நிலத்தில் நின்று, பொறுமையாகப் படியும். மணல் மேடு வெள்ளத்தில் சீக்கிரம் முங்காது, நீர் வடியும். வீடு கட்ட ஏற்றது. பின்னால் உள்ள களிமண் நீரைக் கீழே விடாது, நெல்லுக்கு ஏற்றது. ஊர் இங்கே, வயல் அங்கே என்று ஆறே மனை பிரித்துக் கொடுத்துவிட்டது. ஆற்றுச் சமவெளிகளின் பழைய வரைபடங்களைப் பார்த்தால் ஊர்கள் கரைமேட்டின் மேல் மணி கோத்ததுபோல் வரிசையாக இருக்கும்.

இது எத்தனை பேரைத் தாங்கும்? தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் ஒரு போகத்துக்கு மூன்று டன் நெல் என்று வைத்தால், அரிசியாக இரண்டு டன். கிலோவுக்கு 3,600 கலோரி என்றால் 72 லட்சம் கலோரி. ஒரு ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் எட்டு லட்சம் கலோரி வேண்டும். ஒரு போகத்தில் ஒன்பது பேர், இரு போகத்தில் பதினெட்டு. சதுர கிலோமீட்டர் முழுக்க வயலாக இருந்தால் 1,800 பேர். வீடு, சாலை, குளம், விதைநெல் எல்லாம் கழித்தால் வங்கதேசத்தின் உண்மையான அடர்த்திக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இப்போது மழை குறைந்த புல்வெளி. அங்கே ஒரு ஆட்டுக்கு இரண்டு ஹெக்டேர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர கிலோமீட்டரில் ஐம்பது ஆடு. மந்தை குறையாமல் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கை அறுக்கலாம். அதாவது பதினேழு ஆடு, ஆடு ஒன்றுக்கு இருபது கிலோ இறைச்சி, மொத்தம் 340 கிலோ. கிலோவுக்கு 2,000 கலோரி என்றால் ஏழு லட்சம்கூடத் தேறாது. ஒரு ஆளுக்கே போதவில்லை. பாலையும் சேர்த்தால் ஒன்றிரண்டு பேர். மங்கோலியாவில் எத்தனை பேர் என்று பார்த்தோம்? இரண்டு. வெப்பநாட்டவர் சோம்பேறிகள், குளிர்நாட்டவர் உழைப்பாளிகள் என்றெல்லாம் மக்கள்தொகைக்கு விளக்கம் சொல்லும் பழைய பேச்சு எனக்கு ஏன் எரிச்சலூட்டுகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். ஆட்டையும் நெல்லையும் எண்ணினாலே போதும்.

பாலைவனத்தின் பிரச்சினை மண் அல்ல என்பதை எகிப்து காட்டுகிறது. மழையே பெய்யாத நிலத்தில் தாதுக்கள் கரைந்துபோக வழியில்லை; அவை அங்கேயே இருக்கின்றன, கரைத்துத் தர நீர்தான் இல்லை. நைல் ஆறு வெளியிலிருந்து நீரும் வண்டலும் கொண்டுவந்த ஒரே பட்டையில் நாடே குடியிருக்கிறது. எகிப்தின் பரப்பு சுமார் பத்து லட்சம் சதுர கிலோமீட்டர், மக்கள் பத்துக் கோடிக்கு மேல். சராசரி போட்டால் நூறு பேர்தான் வரும். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அவர்களில் 95 சதவீதம் பேர் இருப்பது ஐந்து சதவீத நிலத்தில். அதாவது 50,000 சதுர கிலோமீட்டரில் பத்துக் கோடி, சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரம் பேர். நாட்டுச் சராசரி அடர்த்தியை நம்பிக் கட்டுரை எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உயர்மலைக்குக் குளிரையும் ஆக்ஸிஜன் குறைவையும் காரணம் சொல்வார்கள். உண்மைதான்: ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறைகிறது, 4,000 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் அறுபது சதவீதம்தான். ஆனால் பொலிவியாவின் எல் ஆல்டோ நகரம் 4,000 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது, அங்கே லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள். அது வெப்பமண்டலம் என்பதால் அந்த உயரத்திலும் குளிர் தாங்கக்கூடியது. அதோடு அந்தப் பீடபூமி, இரண்டு மலைத்தொடர்களிலிருந்து அரித்துவந்த மண் நடுவில் நிரம்பியதால் தட்டையான நிலம். காத்மாண்டு பள்ளத்தாக்கும் அப்படித்தான், ஒரு பழைய ஏரியின் அடித்தளம். மலைக்குள் கூட்டம் கூடுவது, கீழே ஓடிவிடாமல் வண்டல் மாட்டிக்கொண்ட இடங்களில்தான். மற்றச் சரிவுகளில் ஒவ்வொரு மழையும் மேல்மண்ணைப் பிடுங்கிக் கீழே அனுப்பிவிடுகிறது. அங்கே படிக்கட்டு வயல் கட்டுவது, ஆற்றுக்குப் போகவேண்டிய வண்டலைக் கல்சுவர் வைத்து வழிமறிப்பதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் காற்றிலிருந்து நைட்ரஜன் உரம் செய்யக் கற்றோம், பாஸ்பேட்டைச் சுரங்கத்தில் தோண்டினோம். விளைச்சலுக்கு வண்டலை முழுதாக நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆனால் மக்கள் இடம் மாறவில்லை; சாலை, சந்தை, துறைமுகம், சொந்தபந்தம் எல்லாம் பழைய வண்டலின் மேல்தான் இருந்தன.

வண்டல் நின்றால் என்ன ஆகும் என்பதும் நைலில் தெரிந்துவிட்டது. அஸ்வான் பேரணை 1970இல் முடிந்த பிறகு வண்டல் கீழே வருவது ஏறக்குறைய நின்றுபோனது. உரத்தால் விளைச்சலை ஈடுகட்டிவிட்டார்கள், ஆனால் கடலோரத்தை உரத்தால் ஈடுகட்ட முடியாது. புதிய மண் வராததால் கழிமுகத்தின் விளிம்பைக் கடல் அரிப்பது தீவிரமானது. இதையெல்லாம் கணக்காகச் சொல்ல, யாராவது படகில் போய் பாட்டிலில் நீர் மொண்டு, வடிகட்டி, உலர்த்தி, எடை போட வேண்டும், அதுவும் பல பத்தாண்டுகள் விடாமல். செய்தியில் வராத வேலை. பணம் ஒதுக்குபவர்கள் முதலில் வெட்டுவது இப்படிப்பட்ட வேலையைத்தான் என்பது என் மனத்தாங்கல்.

நைலுக்கு வண்டல் தரும் எத்தியோப்பிய மலைகளோ அரிபட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. அந்த வண்டல் அஸ்வான் அணைக்குப் பின்னால், நாசர் ஏரியின் அடியில், ஒரு புதிய கழிமுகமாகச் சேர்ந்திருக்கிறது. அதன் மேல் இதுவரை யாரும் குடியேறவில்லை.