முதல் வீடியோவுக்கு முன்னால் யூடியூப் சேனலில் சரிசெய்ய வேண்டியவை

கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார் பழுதுபார்க்கும் ஒருவர் "பம்ப்செட் பட்டறை" என்று யூடியூப் சேனல் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், பேனர் எல்லாம் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சேனல் யாருடைய ஜிமெயிலில் பிறக்கிறது என்பதில் கவனம் தேவை. எடிட்டிங் தெரிந்த தம்பியின் போனிலேயே சேனலைத் திறந்துவிடுவது நம் ஊரில் சாதாரணம். அந்தத் தம்பி வேறு வேலைக்குப் போனால் சேனலும் அவரோடு போய்விடும். பட்டறைக்காரர் பெயரில் ஒரு கணக்கு, அதற்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு, அதில் சேனல் என்று தொடங்குங்கள். தம்பிக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவில் Settings → Permissions போய் Editor உரிமை கொடுத்தால் போதும், வேண்டாதபோது எடுத்துவிடலாம்.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். @ போட்டு வரும் ஹேண்டிலில்தான் யோசனை தேவை. அது 3 முதல் 30 எழுத்துக்குள் இருக்க வேண்டும், வேறு யாரும் வைத்திருக்கக் கூடாது. தமிழ் எழுத்திலும் ஹேண்டில் வைக்க யூடியூப் விடுகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பல இடங்களில் அது % குறிகளாக உடைந்துவிடும். "ப" என்ற ஒரே எழுத்து %E0%AE%AA என்று 9 குறிகளாகும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் உயிர்மெய்க் குறிக்கும் தனித்தனியே 9 என்பதால் "பம்ப்செட்" என்ற சொல் மட்டும் 81 குறிகள் நீளும். விசிட்டிங் கார்டில் அச்சடிக்கவா முடியும்?

ஆகவே ஹேண்டிலுக்கு ஆங்கில எழுத்து நல்லது. அதிலும் @pumpsetpattarai என்று வைத்தால் ஒருவர் patarai என்பார், இன்னொருவர் pattrai என்று தேடுவார். ழ, ற, ண வரும் சொற்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். முடிவு செய்யும் முன் நாலு பேருக்குப் போன் செய்து வாயால் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேர் வேறு மாதிரி எழுதினால் வேறு ஹேண்டில் பாருங்கள். நடுவில் புள்ளி, அடிக்கோடு போட்டால் அதையும் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். 14 நாளில் இரண்டு முறைதான் ஹேண்டிலை மாற்ற முடியும்.

பேனர் குறைந்தது 2048 × 1152 பிக்சல், 6 எம்பிக்குள் இருக்க வேண்டும். டிவியில் முழுப்படமும் தெரியும். கணினியிலும் போனிலும் நடுப்பட்டைதான். எல்லாத் திரையிலும் வெட்டுப்படாமல் தெரிவது நடுவே உள்ள 1235 × 338 மட்டும். எளிய கணக்கு: நாலு பக்கமும் 407 பிக்சல் விட்டுவிட்டு உள்ளே எழுதுங்கள். பட்டறையின் பெயரை மேல் மூலையிலும் போன் நம்பரைக் கீழ் மூலையிலும் வைத்தால், டிவி பார்ப்பவருக்கு மட்டுமே அவை தெரியும். முகப்புப் படம் வட்டமாக வெட்டப்பட்டு மிகச் சிறிதாக வரும். அதில் முழுப்பெயரை எழுதாமல் ஒரு மோட்டாரின் படம் போதும்.

விவரக் குறிப்புக்கு 1000 எழுத்து இடம் உண்டு. சேனல் பக்கத்தில் முதலில் தெரிவது அதன் தொடக்கம் மட்டுமே. "அனைவருக்கும் வணக்கம்" என்று அந்த இடத்தை வீணாக்காமல், "போர்வெல், கிணற்று மோட்டார் காயில் கட்டுவது, ஸ்டார்ட்டர் பழுது" என்று நேராகத் தொடங்குங்கள்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் Settings → Channel → Advanced settings. சேனல் "made for kids" தானா என்ற கேள்வி அங்கே இருக்கும். "நம் வீடியோவில் ஆபாசம் எதுவும் இல்லையே, குழந்தைகளும் பார்க்கலாமே" என்று ஆம் போட்டுவிடுகிறார்கள். கேள்வி அதுவல்ல, குழந்தைகளுக்காகவே எடுத்ததா என்பதுதான். அமெரிக்கச் சிறார் தனியுரிமைச் சட்டத்தை ஒட்டி 2020 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. ஆம் என்றால் கமெண்ட் மூடப்படும், ஆளுக்கேற்ற விளம்பரமும் வராது. "அண்ணே, மூணு ஃபேஸ் மோட்டார் ஏன் சூடாகுது?" என்று கேட்க வருபவர் திரும்பிப் போய்விடுவார். கமெண்ட் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் அது முடக்கப்பட்டதாக வரி வந்தால் முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள். மோட்டார் பட்டறைக்குப் பதில்: இல்லை.

அதே Channel பகுதியில் Feature eligibility போய் போன் நம்பரைச் சரிபார்த்துவிடுங்கள். அதுவரை 15 நிமிடத்துக்கு மேல் வீடியோ ஏற்ற முடியாது, சொந்தத் தம்ப்நெயிலும் வைக்க முடியாது. ஒரே நம்பரை ஆண்டுக்கு இரண்டு சேனலுக்குத்தான் பயன்படுத்தலாம் என்பதால், சோதனைச் சேனல்களில் அதைச் செலவழிக்காதீர்கள். கடைசியாக Upload defaults பகுதியில் Visibility என்பதை Private ஆக்குங்கள். காயில் சுற்றும் வீடியோ ஏறி முடிந்ததும், தலைப்பையும் தம்ப்நெயிலையும் ஒருமுறை போனில் பார்த்துவிட்டு, பிறகு Public ஆக்கலாம்.